செவலை, சைமன், சீனப் பூனை: தெருப்பூனைக்குப் பெயர் வந்த கதை

மண்ணூர்பேட்டை மாதிரி ஒரு இடத்தில் தெருப்பூனைக்குப் பெயர் வைப்பது என்பது யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்கிற வேலை இல்லை. ஒரு பக்கம் சி.டி.எச். ரோடு லாரிகள், இன்னொரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகள், நடுவில் நெருக்கமான வீடுகள். மழை நாளில் ஏதாவது ஒரு குட்டி பைக் சீட்டுக்கு அடியிலோ, மாடிப்படி மூலையிலோ ஒண்டிக்கொண்டு கத்தும். யாராவது ஒருத்தர் மனசு கேட்காமல் தூக்கி வந்து துடைத்துவிட்டுக் கொஞ்சம் சோறு வைப்பார். முதல் நாள் அது வெறும் "குட்டி". மூன்றாம் நாள் "அந்த கருப்பு". ஒரு வாரம் போனால் "கருப்பன்". ஒரு மாசம் கழித்து அது அடுப்பு மேடையில் மீன் குழம்புச் சட்டியைத் தள்ளிவிட்டிருந்தால் "திருட்டுப்பய". அடுத்த வீட்டில் அதே பூனைக்கு "ராஜா" என்று இன்னொரு பெயர் ஓடிக்கொண்டிருக்கும். (அங்கேயும் ஒரு வேளை சாப்பாடு உண்டு என்பது கருப்பனின் ரகசியம்.)

நிறம், பழக்கம், குணம். அநேகமாக எல்லாப் பூனைப் பெயரும் இந்த மூன்று கிணறுகளில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. கேட்க விளையாட்டாக இருந்தாலும், ஒரு பூனையின் தலையெழுத்தே அதன் பெயரைப் பொறுத்து மாறிய சம்பவங்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. யார் பெயர் வைத்தார்கள், பக்கத்தில் இருந்து பார்த்து வைத்தார்களா, தூரத்தில் இருந்து வைத்தார்களா என்பதுதான் அதில் விஷயமே. அந்தச் சம்பவங்களுக்குப் போவதற்கு முன்னால் நம்ம ஊர் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பூனையைக் கூப்பிடுகிற விஷயத்தில் தமிழுக்கு வயசு அதிகம். தொல்காப்பியத்தின் மரபியலில், எந்த விலங்கின் பிள்ளையை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியலே உண்டு. அதில் கீரி, வெருகு, எலி, அணில் இந்த நான்கின் பிள்ளைகளையும் "குட்டி" என்று சொல்லலாம் என்று வருகிறது. வெருகு என்றால் காட்டுப்பூனை. அதே மரபியலில் கடைசிப் பக்கமாக, வெருகைப் "பூசை" என்று சொல்கிற வழக்கமும் இருக்கிறது, அதைத் தள்ளக்கூடாது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அதாவது ஜனங்கள் புழங்குகிற பெயர் இலக்கணத்துக்குச் சரியாகப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, அது வழக்கில் இருக்கிறதே, விட்டுவிடு என்கிற தாராளம். இன்றைக்கும் தட்டில் சோற்றை வைத்துவிட்டு "பூஸ் பூஸ்" என்று கூப்பிடுகிற பாட்டிமார்களுக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள்.

நிறத்தை வைத்துப் பெயர் சொல்கிற பழக்கம் மாட்டிலிருந்து வந்து பூனையில் ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது. கிராமத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்குச் செவலை, மயிலை, காரி என்பதெல்லாம் ஒரே சமயத்தில் நிறமும் பெயரும். நகரத்துக்குக் குடிவந்தபோது மாடு போய்விட்டது, வார்த்தை தங்கிவிட்டது. ஆரஞ்சும் பழுப்புமாக ஒரு பூனை வந்தால் செவலை. வெள்ளையாக இருந்தால் வெள்ளச்சி. உடம்பில் கோடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், புலி.

ஆனால் நிறத்தை நம்பிப் பெயர் வைத்தால் சில இடங்களில் ஏமாற வேண்டியிருக்கும். குட்டியின் கண் நீலமாக இருக்கிறதே என்று "நீலக்கண்ணி" என்று பெயர் வைத்தவர்கள் இரண்டு மாசத்தில் முழிப்பார்கள். பூனைக்குட்டி எல்லாவற்றுக்கும் பிறந்த புதிதில் கண் நீலம்தான். ஆறு, ஏழு வாரம் ஆகும்போது நிஜமான நிறம் வர ஆரம்பித்து, மெல்ல மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிடும். கருப்பன் என்று பெயர் வைத்த பூனை மொட்டை மாடி வெயிலிலேயே கிடந்தால் முதுகு முழுக்கத் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பு ஆகிவிடும். பெயரை மாற்றவும் முடியாது, அதுக்குள் வாய்க்குப் பழகியிருக்கும்.

இதைவிட வேடிக்கை ஆணா பெண்ணா குழப்பம். கருப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு "முருகன்" என்று பெயர் வைத்தால், நாலைந்து மாசத்தில் முருகன் குட்டி போட்டுவிடும் :) காரணம் எளிமையானது. ஆரஞ்சு நிறத்தைத் தீர்மானிக்கிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ், அதனால் ஒன்று ஆரஞ்சு, இல்லையென்றால் கருப்பு. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் ஆரஞ்சும் மற்றதில் கருப்பும் இருந்தால், உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டில் ஏதோ ஒன்று மட்டும் வேலை செய்யும், மற்றது தூங்கிவிடும். அதனால்தான் திட்டுத் திட்டாக வருகிறது. ஆணில் இந்தக் கலவை வர வேண்டுமானால் கூடுதலாக ஒரு எக்ஸ் இருக்க வேண்டும், அது மிக அபூர்வம். ஒரு எக்ஸ் தூங்கிவிடும் என்கிற விஷயத்தை 1961-ல் மேரி லயன் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி சொன்னார். ஆனால் அந்த ஆரஞ்சு மரபணு எது என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டது 2025-ல்தான். தெருமுனையில் தினம் பார்க்கிற நிறத்துக்கு விடை கிடைக்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

ஆகவே மூவண்ணம் என்றால் பெண் பெயர் வைக்கலாம், தப்பாகாது. செவலை என்றால் ஆணாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி இல்லை. மற்ற நிறங்களுக்கு வாலைத் தூக்கிப் பார்ப்பது ஒன்றே வழி. இரண்டு துளைகளும் தள்ளித் தள்ளி முக்காற்புள்ளி போல் இருந்தால் ஆண், கிட்டக் கிட்ட இருந்து கீழே உள்ளது சிறு கோடு போல் இருந்தால் பெண்.

நிறத்தில் இன்னும் ஒரு சங்கதி. உடம்பு முழுக்க வெள்ளை, இரண்டு கண்ணும் நீலம், வளர்ந்த பிறகும் நீலம் என்றால் அந்தப் பூனைக்குக் காது கேட்காமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பாது. வீட்டில் இருப்பவர்கள் "திமிரு", "மகாராணி" என்று பெயர் வைத்துவிடுவார்கள். குணத்தைப் பார்த்து வைத்ததாக நினைப்பு. உண்மையில் அது செவிட்டுக் குட்டி. பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், காது மடல் கூட அசையாது. அப்படிப்பட்ட பூனையை ரோட்டுப் பக்கம் விடாமல் இருப்பது நல்லது, ஹாரன் அதற்குக் கேட்காது.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

நிறத்தால் பெயர் பெற்று, அந்தப் பெயரைப் பறிகொடுத்த ஒரு பூனை உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்கிற பெரிய போர்க்கப்பலில் இருந்தது. கருப்பு நிறம், அதனால் மாலுமிகள் வைத்த பெயர் "பிளாக்கி". நம்ம கருப்பனேதான். 1941 ஆகஸ்டில் அந்தக் கப்பலில்தான் பிரதமர் சர்ச்சில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்து கரைக்குப் போய் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். அந்தப் பயணத்தில் பிளாக்கி அவர் எதிரே வர, சர்ச்சில் குனிந்து அதன் தலையைத் தொட, அதை ஒருவர் போட்டோ எடுத்துவிட்டார். போட்டோ பேப்பர்களில் வந்ததும் பிளாக்கிக்குப் பெயர் மாறிவிட்டது: "சர்ச்சில்". பூனையோடு வாழ்ந்தவர்கள் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் போய், ஒரு நிமிஷம் தொட்டவரின் பெயர் ஒட்டிக்கொண்டது. நாலு மாசம் கழித்து, 1941 டிசம்பர் 10-ம் தேதி, மலேயா கடலில் ஜப்பானிய விமானங்கள் அந்தக் கப்பலை மூழ்கடித்தன. பூனை தப்பி, பிழைத்தவர்களோடு சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது என்றும், அடுத்த வருஷம் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பியபோது ஆளைக் காணவில்லை என்றும் சொல்வார்கள். அதோடு கதை முடிந்துவிடுகிறது.

இன்னொரு பூனையின் கதை இவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. அது நிஜமாகவே தெருவிலிருந்து வந்தது.

1948 மார்ச், ஹாங்காங். ஸ்டோன்கட்டர்ஸ் தீவின் துறைமுகப் பகுதியில் ஒரு கருப்பு வெள்ளைப் பூனை எலும்பும் தோலுமாக அலைந்துகொண்டிருந்தது. ஒரு வயசு இருக்கலாம். ஹெச்.எம்.எஸ். அமெதிஸ்ட் என்கிற சின்னப் போர்க்கப்பலில் வேலை பார்த்த ஜார்ஜ் ஹிக்கின்பாட்டம் என்கிற பையன் அதைப் பார்த்தான். அவனுக்கு வயசு பதினேழு. ஆர்டினரி சீமேன், அதாவது கடற்படையில் கீழ்ப்படி. பூனையை யாருக்கும் தெரியாமல் கப்பலுக்குள் கடத்திக்கொண்டு வந்துவிட்டான். நம்ம பசங்க ஸ்கூல் பையில் குட்டியைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிற அதே டெக்னிக்.

பூனைக்குச் "சைமன்" என்று பெயர் வந்தது. அது வெறும் மனுஷப் பெயர், அதில் நிறமும் இல்லை குணமும் இல்லை. ஆனால் பழக்கங்கள் சீக்கிரமே வெளியே வந்தன. கப்பலின் அடித்தளத்தில் எலி பிடிப்பான். பிடித்த எலியை மாலுமிகளின் படுக்கையில் கொண்டுபோய்ப் பரிசாக வைப்பான். தூங்குவதற்கு அவனுக்குப் பிடித்த இடம் கேப்டனின் தொப்பி. அதில் சுருண்டு படுத்தால் எழுப்புகிற தைரியம் யாருக்கும் கிடையாது. கேப்டன் இயன் கிரிஃபித்ஸ் திட்டுவதற்குப் பதில் பிரியமாகிவிட்டார். கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றல் வந்தபோது பூனையை எடுத்துப் போகவில்லை. அது கப்பலின் பூனை, கப்பலிலேயே இருக்கட்டும் என்று அடுத்து வந்த பெர்னார்ட் ஸ்கின்னரிடம் விட்டுப் போனார். ஸ்கின்னருக்கும் பிடித்துப் போனது.

1949 ஏப்ரலில் சீனாவில் உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. யாங்சி ஆற்றின் வடகரை கம்யூனிஸ்டுகள் கையில், தென்கரை கோமிண்டாங் கையில். நான்கிங் நகரத்தில் நின்றுகொண்டிருந்த இன்னொரு பிரிட்டிஷ் கப்பலுக்கு மாற்றாக அமெதிஸ்ட் ஆற்றில் மேலே போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் 20-ம் தேதி காலை, கரையில் இருந்த மக்கள் விடுதலைப் படையின் பீரங்கிகள் சுட ஆரம்பித்தன. முதலில் விழுந்த குண்டுகளில் ஒன்று கேப்டன் அறையைத் துளைத்தது. சைமன் அங்கேதான் படுத்திருந்தான். ஸ்கின்னர் படுகாயமடைந்து அதிலேயே இறந்துபோனார். அமெதிஸ்டில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கப்பல் தரைதட்டி நின்றது.

எரிந்த மீசையும் ரத்தமுமாகச் சைமன் தானே ஊர்ந்து மேல்தளத்துக்கு வந்தான். பிழைத்திருந்த வைத்திய ஆட்கள் தீக்காயத்தைக் கழுவி, உடம்பிலிருந்து நாலு குண்டுச் சில்லுகளை எடுத்தார்கள். ராத்திரி தாங்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தாங்கினான்.

அதற்கப்புறம் கப்பல் ஆற்றிலேயே சிறைப்பட்டுக் கிடந்தது. பொறுப்புக்கு வந்த ஜான் கெரன்ஸ் என்கிற அதிகாரி கம்யூனிஸ்டுத் தரப்போடு பேச்சுவார்த்தை நடத்தினார், அது இழுத்துக்கொண்டே போனது. வெயில், புழுக்கம், எரிபொருள் தட்டுப்பாடு, சாப்பாடு அளந்து அளந்து. இதில் எலிகள் பெருகிவிட்டன. கப்பலில் எலி என்றால் தொந்தரவு மட்டும் இல்லை. கடைசி மூட்டை மாவு வரைக்கும் எண்ணி வைத்திருக்கிற இடத்தில், எலி தின்பது மாலுமியின் சாப்பாட்டை. அது போதாதென்று மூத்திரமும் புழுக்கையும் மீதியையும் கெடுத்துவிடும். காயம் முழுசாக ஆறுவதற்கு முன்னாலேயே சைமன் வேலைக்குத் திரும்பிவிட்டான். புதிய கேப்டனுக்கு ஆரம்பத்தில் அவன் மேல் பெரிய ஈடுபாடு கிடையாது. பூனைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அங்கேதான் பெயர் விளையாட்டு ஆரம்பித்தது. எலிகளில் ஒன்று மிகப் பெரியது, பொல்லாதது. மாலுமிகள் அதற்கு "மாவோ சே துங்" என்று பெயர் வைத்திருந்தார்கள். கரையில் தங்களைச் சிறைவைத்திருப்பவர்களின் தலைவர் பெயரை உள்ளே தங்கள் சோற்றைத் திருடுகிற எலிக்கு வைத்தால் கோபத்துக்கு ஒரு வடிகால். (கரையில் நின்ற சீனப் படைவீரர்களைக் கேட்டால், எங்கள் ஆற்றில் உங்களுக்கு என்ன வேலை என்று அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். அது வேறு கட்டுரை.) ஒருநாள் அந்த எலியைச் சைமன் நேருக்கு நேர் மோதிக் கொன்றான். கப்பலே கொண்டாடியது. அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். கடற்படையில் ஆர்டினரி சீமேனுக்கு மேல்படி ஏபிள் சீமேன். சீமேனில் இருக்கிற மேனை எடுத்துவிட்டு கேட் போட்டார்கள்: "ஏபிள் சீகேட் சைமன்".

ஹாங்காங் கரையில் அவனைத் தூக்கி வந்த பையனின் பதவி ஆர்டினரி சீமேன் என்பது ஞாபகம் இருக்கிறதா? காப்பாற்றினவனைவிட ஒரு படி மேலே போய்விட்டது பூனை.

இந்தச் செல்லப் பெயரை மேலோட்டமாகப் பார்த்தால் ஜோக். ஆனால் அது எப்போது வைக்கப்பட்டது என்று பாருங்கள். பக்கத்துப் படுக்கைக்காரன் செத்திருக்கிறான், ஊருக்குத் திரும்புவோமா என்று தெரியவில்லை, பெரும்பாலானவர்கள் இருபது வயசுப் பையன்கள். காயம்பட்டுப் படுத்திருந்தவர்கள் பக்கத்தில் சைமன் போய் உட்காருவான் என்றும் சொல்கிறார்கள். தங்களைப் போலவே குண்டடி பட்டு, தங்களைப் போலவே அரைவயிறோடு, தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒருத்தனுக்குத் தங்கள் பதவிப் பெயரையே பிய்த்துக் கொடுத்தார்கள். நிறத்தைப் பார்த்து வைக்க ஒரு நிமிஷம் போதும். இந்த மாதிரிப் பெயர் வர, கூடவே இருந்து பார்த்திருக்க வேண்டும்.

1949 ஜூலை 30 ராத்திரி, விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அமெதிஸ்ட் இருட்டில் ஆற்றோடு இறங்கி ஓடியது. வழியில் சுடப்பட்டது, ஆனாலும் விடிவதற்குள் கடலை எட்டிவிட்டது. செய்தி வந்ததும் உலகப் பேப்பர்களில் எல்லாம் சைமன் படம். விலங்குகளின் வீரத்துக்காக பி.டி.எஸ்.ஏ. என்கிற பிரிட்டிஷ் விலங்கு மருத்துவ அமைப்பு 1943-லிருந்து கொடுத்துவந்த டிக்கின் பதக்கம் அவனுக்கு அறிவிக்கப்பட்டது. புறாவும் நாயும் குதிரையும் பல வாங்கியிருக்கின்றன. பூனை என்றால் இன்று வரை சைமன் ஒருத்தன்தான். அவனுக்கு வந்த ரசிகர் கடிதங்களைப் பார்த்துப் பதில் போடுவதற்கென்றே ஸ்டூவர்ட் ஹெட் என்கிற லெப்டினன்ட் "பூனை அதிகாரி"யாக நியமிக்கப்பட்டார். மனுஷனுக்கும் ஒரு செல்லப் பெயர்!

நவம்பர் 1-ம் தேதி கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்கு வந்தது. கரையில் வரவேற்பு. ஆனால் அந்த நாட்டின் அன்றைய சட்டப்படி வெளியிலிருந்து வருகிற பூனையும் நாயும் வெறிநோய் பயத்தால் ஆறு மாசம் தனியாக அடைத்து வைக்கப்பட வேண்டியிருந்தது. ஏபிள் சீகேட்டுக்கும் விலக்கு கிடையாது. சர்ரே மாவட்டத்தில் ஹேக்பிரிட்ஜ் என்கிற இடத்தில் ஒரு காப்பகத்தில் வைத்தார்கள். டிசம்பரில் பதக்கம் அணிவிக்க ஏற்பாடு ஆகியிருந்தது. அதற்கு முன்பே கிருமித் தொற்று வந்தது. குண்டடியில் ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்த உடம்பு. 1949 நவம்பர் 28-ம் தேதி இறந்துபோனான். கப்பல் அவனுடைய வீடாக இருந்தது. கரையிறங்கி நாலு வாரம்கூட ஆகவில்லை.

லண்டனுக்குப் பக்கத்தில் இல்ஃபோர்டில் விலங்குகளின் இடுகாட்டில் அவனைப் புதைத்தார்கள், கப்பல் ஆட்கள் வந்து நின்றார்கள். கல்லில் சைமன் என்ற பெயரும் கப்பலின் பெயரும் இருக்கின்றன.

இங்கே ஒரு கேள்வி வரும். இவ்வளவு பெயர் வைக்கிறோமே, பூனைக்கு அது தெரியுமா? 2019-ல் ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்கிற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பூனையின் பெயரைப் போலவே நீளமும் அழுத்தமும் உள்ள நாலு வேறு வார்த்தைகளை வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். முதல் வார்த்தைக்குக் காதைத் திருப்பும், அப்புறம் சலித்துப் போய்ச் சும்மா இருக்கும். ஐந்தாவதாகத் தன் பெயர் வந்ததும் மறுபடியும் காது அசையும், தலை திரும்பும். முன்பின் தெரியாத ஆள் கூப்பிட்டாலும் இது நடந்தது. வீட்டில் பல பூனைகள் சேர்ந்து இருந்தாலும், மற்ற பூனைகளின் பெயரையும் தன் பெயரையும் பிரித்து அறிந்தன. ஆனால் பூனைக் கஃபேயில் வளர்ந்த பூனைகளுக்குத் தன் பெயருக்கும் கூட இருக்கிற பூனையின் பெயருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே வருகிற போகிற ஆட்கள் எல்லாப் பெயரையும் கூப்பிட்டு எல்லாப் பூனையையும் தடவுவார்கள், தீனி வைப்பார்கள். அப்புறம் எந்தப் பெயராக இருந்தால் என்ன?

இதை மண்ணூர்பேட்டைக்குக் கொண்டுவந்தால், ஒரே வீட்டில் அப்பா "கருப்பா" என்றும், பாட்டி "பூஸ்" என்றும், பசங்க "டைகர்" என்றும் கூப்பிட்டாலும், ஒவ்வொருத்தரும் தன் பெயரையே மாற்றாமல் சொல்லி, சொன்னதும் ஏதாவது ஒன்று நடந்தால் (சாப்பாடு, தடவல், கதவு திறப்பது) பூனை மூன்றையும் பிடித்துக்கொள்ளும். ஒரே ஆள் தினம் ஒரு பெயராக மாற்றிக்கொண்டே இருந்தால் ஒன்றும் நிற்காது. குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், கேட்டவுடன் பீரோவுக்கு அடியில் போய்விடும்.

கடைசியாக ஒரு சென்னைக் கதை. இதுவும் துறைமுகம், இதுவும் பூனை, இதிலும் சீனா வருகிறது.

2020 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்குச் சீனாவிலிருந்து பொம்மைகள் ஏற்றி வந்த ஒரு கண்டெய்னரைத் திறந்தபோது உள்ளே ஒரு உயிருள்ள பூனை இருந்தது. கொரோனா பற்றிய பயம் உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த நேரம். பூனையை உடனே கூண்டில் அடைத்துத் தனிமைப்படுத்தினார்கள். அதைச் சீனாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று அதிகாரிகள் தரப்பில் முடிவாயிற்று. விலங்கு நல அமைப்பான பீட்டா எதிர்த்தது. பூனையிடமிருந்து மனிதருக்கு இந்த நோய் வருவதாக ஆதாரம் இல்லை, அது சீனாவில்தான் ஏறியது என்பதும் நிச்சயம் இல்லை, கப்பல் நின்ற வேறு எந்தத் துறைமுகத்திலும் ஏறியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் ஒரு பூனை அவ்வளவு நாள் உயிரோடு இருப்பது கடினம் என்று யோசித்தால் அந்த வாதத்தில் அர்த்தம் இருக்கிறது.

அந்த நாட்களில் பேப்பர்களும் டிவியும் அதைச் "சீனப் பூனை" என்று எழுதின. நிறமும் இல்லை, பழக்கமும் இல்லை, குணமும் இல்லை. அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த ஊர்ப் பெயர். யாரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாத நிலைமை, அதனால் வேறு பெயர் வர வழியும் இல்லை. சீனாவிலிருந்து வந்ததா இல்லையா என்பதே கேள்வியாக இருந்தபோது, கூப்பிடும்போதே தீர்ப்பு சொல்லிவிடுகிற பெயர். சீனப் பூனை என்றால் சீனாவுக்குத்தானே அனுப்ப வேண்டும்? சைமனும் சீனக் கரையோரத்திலிருந்துதான் வந்தான். அவனைச் சீனப் பூனை என்று யாரும் சொல்லவில்லை, அதற்குள் அவன் கேப்டனின் தொப்பியில் தூங்கிவிட்டான்.

நல்லவேளையாக நாடு கடத்தல் நடக்கவில்லை. மேனகா காந்தி உட்படப் பலர் தலையிட்ட பிறகு, ஏப்ரல் மாதம், ஊரடங்கு நடந்துகொண்டிருந்தபோது, பூனையை விடுவித்து விலங்கு நல அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். அடைபட்டுக் கிடந்தது சுமார் இரண்டு மாசம். கூண்டைத் திறந்து அதை வெளியே தூக்கிய முதல் ஆள் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று எந்தப் பேப்பரும் எழுதவில்லை. நம்ம ஊர் ஆள் என்றால் அநேகமாக "வாடா குட்டி"தான்.